முள்ளின் அடியைப் பாருங்கள்: தண்டுப் படத்திலிருந்து செடியின் குழுவைக் கண்டுபிடிப்பது

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையின் அடிவாரத்தில் ஒரு முள் தண்டைப் படம் எடுத்திருந்தேன். பொடிப்பொடியான கூட்டிலைகள், நிறைய முள். "கருவேலங்கன்று" என்று குறித்து வைத்தேன். தவறு. அது இண்டங்கொடி.

முதலில் படம். முள்ளின் நுனியை எடுத்துப் பயனில்லை. முள்ளின் அடியும், பக்கத்தில் இலைக்காம்பு தண்டில் சேரும் இடமும் ஒரே படத்தில் வர வேண்டும். குறைந்தது மூன்று கணுக்கள் தெரியட்டும். போர்ட்ரெய்ட் மோடு வேண்டவே வேண்டாம், அது கணுவை மங்கலாக்கிவிடும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது சாதாரண போன் கேமராவே போதும்.

அப்புறம் முள் எங்கிருந்து முளைக்கிறது என்று பாருங்கள். காம்புக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள கக்கத்தில் இருந்தால் அது உருமாறிய கிளை. எலுமிச்சை, ஆரஞ்சு, காகிதப்பூ எல்லாம் இப்படி. காம்பின் அடியில் இருபுறமும் சோடியாக இருந்தால், இலையடிச் செதில்கள் முள்ளானவை. கருவேலம், இலந்தை இந்த வகை. கணு என்ற கணக்கே இல்லாமல் சிதறி இருந்தால் அது தோலிலிருந்து வளர்ந்த முள். ரோஜாவில் பக்கவாட்டில் தள்ளினால் 'டக்'கென்று கழன்று வருவது இதுதான்.

நான் சறுக்கியது இங்கேதான். ஒரே ஒரு கணுவைப் பார்த்தேன். அதன் அருகே தற்செயலாக இரண்டு முட்கள் இருந்ததால் சோடி என்று முடிவுகட்டிவிட்டேன். பிறகு படத்தைப் பெரிதாக்கினால், இரண்டு கணுக்களுக்கு நடுவிலும் முள், கூட்டிலையின் நடுக்காம்பிலும் முள், எல்லாம் கீழ்நோக்கி வளைந்த கொக்கிகள். இலையடிச் செதில் கணுவில்தான் இருக்கும். கணுவுக்கு நடுவே முள் வந்தால் அது செதிலாக இருக்கவே முடியாது. கருவேல முள்ளோ நேராக, வெளிறிய ஊசியாக நீளும்.

இந்த வித்தியாசம் சின்னது இல்லை. முன்பு இரண்டுமே அகேசியா என்ற ஒரே பேரினத்தில் இருந்தன. இப்போது செதில் முள் உள்ள கருவேலம், வெள்வேலம் வகைகள் வச்செலியா. தோல்முள் உள்ள இண்டு, சீயக்காய் வகைகள் செனகாலியா. இலையை மட்டும் பார்த்தால் இவற்றைப் பிரிப்பது கடினம்.

பின்சேர்க்கை: செங்கருங்காலிப் படம் அனுப்பிய ஒருவர், "சோடியாகத்தானே இருக்கிறது, வச்செலியாவா?" என்று கேட்டார். நியாயமான குழப்பம். அதன் முட்கள் சோடிதான், ஆனால் குட்டையான கொக்கிகள். காம்பின் இருபுறமும் இல்லாமல் கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கும். அதுவும் செனகாலியாவே. அதனால் சோடியைக் கண்டதும் நிறுத்தாமல், முள் நேரா, கொக்கியா, கணுவிலா, கணுவுக்குக் கீழேயா என்றும் பாருங்கள். முதிர்ந்த அடித்தண்டில் முட்கள் உதிர்ந்துபோயிருக்கலாம், இளங்கிளையைப் படமெடுங்கள்.