பயிற்சி முடிந்த பிறகும் பந்தை விடாத மாணவர்கள்: அக ஊக்கம், புற ஊக்கம் – பயிற்சியாளருக்கான செய்முறை

தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரை கடலோரப் பள்ளிகளில் வாலிபால் சொல்லித்தருபவர்களிடம் பேசினால், பெரும்பாலும் ஒரே குறையைத்தான் கேட்கலாம். மாவட்டப் போட்டி முடியும்வரை மைதானம் நிறைந்திருக்கும். தோற்ற மறுவாரம் வலை கட்டக்கூட ஆள் இருக்காது. பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்று சலித்துக்கொள்வோம். ஆனால் ஆட்டத்துக்கு வெளியே இருந்த ஒன்றைக் காட்டித்தான் அவர்களை வரவழைத்திருக்கிறோம். அது போனதும் அவர்களும் போகிறார்கள்.

சான்றிதழ், கோப்பை, கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம், சார் திட்டுவாரே என்ற பயம் எல்லாம் புற ஊக்கம். ஆடுவதே பிடித்திருப்பதால் ஆடுவது அக ஊக்கம். பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கு இதை எப்படி விளக்குவது, பயிற்சியில் எதை மாற்றுவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், தம்பி தங்கைகளுக்குப் பயிற்சி தரும் முன்னாள் மாணவர்களுக்கும் இது போதும்.

முதல் படி: பத்து நிமிடம் விலகி நில்லுங்கள்

பேச்சைத் தொடங்குவதற்கு முன் அளவெடுங்கள். பயிற்சி முடிந்ததாகச் சொல்லிவிட்டு, பந்துகளையும் வலையையும் அப்படியே விட்டுவிட்டு, ஏதாவது வேலை இருப்பதுபோல் அலுவலகப் பக்கம் போய்விடுங்கள். பத்து நிமிடம் கழித்து, எத்தனை பேர் இன்னும் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தூரத்திலிருந்து எண்ணுங்கள். பஸ் பிடிக்க ஓட வேண்டியவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் இப்படி எண்ணி, நோட்டில் குறித்துவையுங்கள்.

இது நான் கண்டுபிடித்த முறை இல்லை. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் செய்தார். கல்லூரி மாணவர்களுக்குக் கட்டைகளைச் சேர்த்து உருவம் அமைக்கும் புதிர்களைக் கொடுத்தார். ஒரு பிரிவினருக்கு மட்டும், இரண்டாவது அமர்வில், தீர்க்கும் ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர் தந்தார். மூன்றாவது அமர்வில் யாருக்கும் பணம் இல்லை. ஒவ்வொரு அமர்விலும் நடுவே எட்டு நிமிடம் அறையை விட்டு வெளியேறிவிடுவார். அறையில் பத்திரிகைகளும் கிடந்தன. அந்த எட்டு நிமிடத்தில் யார் தாமாகவே புதிரைத் தொடுகிறார்கள் என்பதே அவருடைய அளவுகோல். பணம் வாங்கிப் பழகியவர்கள், பணம் நின்றதும் முதல் அமர்வில் காட்டிய ஆர்வத்தைக்கூடக் காட்டவில்லை.

“உனக்கு வாலிபால் பிடிக்குமா?” என்று கேட்டால் எல்லோரும் பிடிக்கும் என்றுதான் சொல்வார்கள். ஆசிரியரிடம் வேறு என்ன சொல்வார்கள்? அந்தப் பத்து நிமிடம் பொய் சொல்லாது.

இரண்டாம் படி: பெயரில்லாத சீட்டு

அடுத்த வாரம் ஒருநாள், ஆளுக்கு ஒரு சீட்டைக் கொடுத்து, “நான் ஏன் பயிற்சிக்கு வருகிறேன்?” என்பதற்கு உண்மையான பதிலைப் பெயர் எழுதாமல் எழுதச் சொல்லுங்கள். சீட்டுகளைக் கலந்து வாசித்தால் பொதுவாக ஐந்து வகைப் பதில்கள் கிடைக்கும். டெசியும் ரிச்சர்ட் ரயனும் உருவாக்கிய சுயநிர்ணயக் கோட்பாட்டில் உள்ள வகைகளும் இவைதாம். கரும்பலகையில் இடமிருந்து வலமாக எழுதுங்கள்.

“சான்றிதழ் கிடைக்கும், வராவிட்டால் சார் திட்டுவார்.” இது இடது ஓரம், முழுக்கப் புற ஊக்கம். அடுத்தது, “வராமல் இருந்தால் எனக்கே குற்ற உணர்ச்சியாக இருக்கிறது, ஊர்ப் பெயரைக் கெடுத்துவிடுவேனோ என்று பயம்.” இங்கே திட்டுகிற சார் மாணவனின் மனத்துக்குள்ளேயே குடியேறிவிட்டார், அவ்வளவுதான். மூன்றாவது, “கடலோரக் காவல் படையில் சேர ஆசை, அதற்கு உடம்பு தயாராக வேண்டும்.” நான்காவது, “நான் ஒரு வாலிபால் ஆட்டக்காரி. நான் சாப்பிடுவது, தூங்குவது எல்லாமே அதை ஒட்டித்தான்.” வலது ஓரத்தில் ஐந்தாவது: “ஸ்மாஷ் அடிக்கும்போது உள்ளங்கையில் வருகிற அந்தச் சத்தம் பிடிக்கும்.” இதுதான் அக ஊக்கம்.

மாணவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சான்றிதழுக்காக வருவது குற்றம் இல்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் வருமானம் நின்றுபோவதைப் பார்த்து வளர்ந்த பையன், விளையாட்டு ஒதுக்கீட்டைப் பற்றி யோசிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். மூன்றாவது பதிலும் கோட்பாட்டின்படி புற ஊக்கம்தான்; ஆனால் அதை அவனே மனமார ஏற்றுக்கொண்டிருக்கிறான். அதனால் அது தாங்கும்.

எது எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்குக் கனடாவில் போட்டி நீச்சல் வீரர்களை 22 மாதங்கள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு இருக்கிறது. 2001இல் வெளியானது. குற்ற உணர்ச்சியால் வந்தவர்கள் முதல் 10 மாதங்கள் தாக்குப்பிடித்தார்கள். 22ஆம் மாதத்தில் அந்த ஊக்கத்தால் பயன் இல்லாமல் போனது. வெளி நெருக்கடிக்காக வந்தவர்கள் விலகும் பக்கமே சாய்ந்தார்கள். விரும்பியும் ஏற்றுக்கொண்டும் வந்தவர்களே நிலைத்தார்கள். ஊர்ப் பெருமையைச் சொல்லி உசுப்பேற்றுகிற பயிற்சியாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அந்தப் பேச்சு இந்தப் போட்டிக்கு உதவும். அடுத்த ஆண்டுக்கு உதவாது.

மூன்றாம் படி: பரிசை முன்கூட்டிக் காட்டாதீர்கள்

பரிசே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. 128 சோதனைகளைத் தொகுத்து டெசி குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வின்படி, “இதைச் செய்தால் இதைத் தருவேன்” என்று முன்பே அறிவித்துத் தரும் பொருள்தான், பிடித்த செயலின் மீதுள்ள ஆர்வத்தைக் குறைக்கிறது. எதிர்பாராமல் கிடைக்கும் பரிசு அப்படிக் குறைப்பதில்லை. பாராட்டு, கட்டளையாக மாறாதவரை, ஆர்வத்தைக் கூட்டவே செய்கிறது. இன்னொன்று, ஏற்கெனவே சலிப்பூட்டும் வேலையில் கெடுவதற்கு ஆர்வமே இருப்பதில்லை. ஆகவே மைதானத்தில் கல் பொறுக்கியவர்களுக்குச் சர்பத் வாங்கித் தருவேன் என்று தாராளமாக அறிவியுங்கள். பத்து சர்வீஸ் போட்டால் சர்பத் என்று அறிவிக்காதீர்கள்.

நான்காம் படி: ஒரு சர்வீஸ் பயிற்சியை மாற்றிப் பாருங்கள்

பயிற்சி முழுவதையும் தலைகீழாக்க வேண்டியதில்லை. முதல் மாதம் சர்வீஸ் பயிற்சியை மட்டும் மாற்றினால் போதும்.

பழைய முறை எல்லோருக்கும் தெரியும். வரிசையாக நின்று போட வேண்டும். தவறினால் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும். இதன் விளைவைக் கவனித்திருக்கிறீர்களா? ஓட்டத்துக்குப் பயந்து, மாணவர்கள் பந்தை மெல்லத் தூக்கி நடுவில் போடுகிறார்கள். பந்து வலையைத் தாண்டிவிடுகிறது, தண்டனையும் இல்லை. எதிரணிக்கோ கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி. மாணவன் கற்றுக்கொண்டது தப்பிப்பதை மட்டும்தான்.

மாற்று முறைக்கு நம் கடற்கரைக் காற்றே கைகொடுக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்தவெளி மைதானத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சர்வீஸ் போட முடியாது. காற்று முகத்தில் அடிக்கும் பக்கத்தில், ஓங்கி அடித்தாலும் பந்து உள்ளே விழும். முதுகில் அடிக்கும் பக்கத்தில், அதே அடி எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும். முதலில் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். “பத்து போடு” என்பதைவிட, “இந்தக் காற்றில் பக்கம் மாறியதும் நாம் ஏன் தொடர்ந்து புள்ளி விடுகிறோம் என்று பார்க்கலாம்” என்பது வேறு பேச்சு.

பிறகு மாணவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். ஒருவர் சர்வீஸ் போட, மற்றவர் எதிர்ப்பக்கம் நின்று எடுப்பார். போடுபவர் எந்த இடத்தைக் குறிவைக்கிறார், எந்த வகை சர்வீஸ் என்பதை அவரே தேர்ந்தெடுத்து, போடுவதற்கு முன் இணையாளிடம் சொல்லிவிட வேண்டும். பக்கத்துக்குப் பத்து பந்து. சொன்ன இடத்தில் விழுந்தவை எத்தனை என்பதை இணையாள் குறித்துக்கொள்வார். தண்டனை ஓட்டம் இல்லை. எண்ணிக்கையைச் சுவரில் ஒட்டவும் வேண்டாம். ஒட்டினால் கவனம் பந்திலிருந்து மற்றவனின் எண்ணுக்குப் போய்விடும்.

ஒரு பிளஸ் ஒன் மாணவனின் நோட்டிலிருந்து சொல்கிறேன். எதிர்க்காற்றில் பின்வரிசை இடது மூலையைக் குறிவைத்தான். பத்தில் நான்கு விழுந்தன. பக்கம் மாறினான், பத்தில் ஒன்றுதான் விழுந்தது, மற்ற பெரும்பாலானவை வெளியே. பயிற்சியாளர் திருத்த ஓடவில்லை. “எங்கே விழுகிறது?” என்று மட்டும் கேட்டார். “கோட்டுக்கு அந்தப் பக்கம் ஓரடி, ஈரடி, சார்.” “அப்படியானால் என்ன செய்யலாம்?” அவன் கையின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தான், பந்து வலையில் இடித்தது. அடுத்த நாள் அவனாகவே எல்லைக்கோட்டுக்கு இரண்டு தப்படி பின்னால் போய் நின்று, அதே வேகத்தில் அடித்தான். பத்தில் மூன்று விழுந்தன. விதியும் அதற்கு இடம் தருகிறது: கோட்டை மிதிக்காமல் பின்னால் எவ்வளவு தள்ளி வேண்டுமானாலும் நின்று, சர்வீஸ் பகுதிக்குள்ளிருந்து போடலாம்.

அப்போது பயிற்சியாளர் சொன்னது: “பின்னால் போனதால் கையை முழுதாக நீட்டி அடிக்க முடிகிறது, பார்த்தாயா?” வெறும் “சபாஷ்” என்றிருந்தால் எது சரியாக வந்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. “நான் சொன்னபடி கேட்டால் இப்படித்தான் வரும்” என்றிருந்தால் அவன் கண்டுபிடித்தது அவனுடையதாக இருந்திருக்காது. சுயநிர்ணயக் கோட்பாடு மனிதருக்கு அடிப்படை என்று சொல்லும் மூன்று தேவைகளும் இந்தச் சின்னப் பயிற்சிக்குள் அடங்கியிருக்கின்றன: தானே தேர்ந்தெடுப்பது, தன்னால் முடிகிறது என்று தெரிவது, கூட ஒருவர் இருப்பது.

ஐந்தாம் படி: மறுபடி எண்ணுங்கள்

ஒரு மாதம் கழித்து அதே பத்து நிமிடச் சோதனையைச் செய்யுங்கள். போட்டிக்கு முந்தைய வாரத்தில் எண்ணாதீர்கள்; அப்போது எல்லோரும்தான் நிற்பார்கள். போட்டி முடிந்து இரண்டு வாரம் கழித்து வருகிற எண்ணே கணக்கு.

எண்ணிக்கை ஏறவில்லை என்றால் மூன்று தேவைகளில் எது விட்டுப்போனது என்று பாருங்கள். நிற்பவர்கள் எல்லோரும் அணியில் ஆடுகிற ஆறு பேர்தான் என்றால், மற்றவர்களுக்குத் திறமை வளர்கிறது என்ற உணர்வு கிடைக்கவில்லை; அவர்களுடைய குறி எட்டாத அளவுக்குக் கடினமாக இருக்கும், மூலைக்குப் பதிலாகப் பாதி மைதானத்தைக் குறிவைக்கச் சொல்லுங்கள். நிற்கிறார்கள், ஆனால் தனித்தனியாகச் சுவரில் அடிக்கிறார்கள் என்றால், இணைகளை மாற்றிப் பாருங்கள். நீங்கள் திரும்பி வருவதைக் கண்டதும் சட்டென்று பந்தைக் கீழே வைக்கிறார்கள் என்றால், சிக்கல் நம்மிடம் இருக்கிறது.

சனிக்கிழமை அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டு வராத பையனைத் திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்காதீர்கள். “களைப்பாக இருக்கும், இன்று பந்து எடுப்பதை மட்டும் செய்கிறாயா, சர்வீஸும் போடுகிறாயா?” என்று கேளுங்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் அன்று அவனை விட்டுவிடுங்கள்.