மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செமஸ்டர் ரிசல்ட் வந்த மறுநாள் எங்கள் துறை அறை வாசலில் மாணவர்கள் கூடிவிடுவார்கள். "சார், நல்லாத்தான் எழுதினேன், ரீவேல்யூவேஷன் போடலாமா?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். மாணவனாக இருந்தபோது நானும் இப்படி ஒரு வாசலில் நின்றவன்தான். அன்று நான் செய்த தவறுகளையே இவர்களும் செய்வதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளின் நடைமுறையை வைத்துச் சொல்கிறேன். மற்ற பல்கலைக்கழகங்களில் விதி கொஞ்சம் மாறும்.

நகலை வாங்கி, மொத்தத்தை மட்டும் பார்ப்பது

இங்கே நேரடியாக மறுமதிப்பீட்டுக்குப் போக முடியாது. முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நகல் வந்ததும், அந்தப் பாடம் நடத்திய ஆசிரியர் அதைத் திருத்தி, ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை மதிப்பெண் தரலாம் என்று பிரித்து எழுதிப் பரிந்துரைக்க வேண்டும். அதன் பிறகுதான் மறுமதிப்பீடு. பல ஆண்டுகளாக நகலுக்கு ஒரு தாளுக்கு 300 ரூபாய், மறுமதிப்பீட்டுக்கு 400 ரூபாய் என்று வாங்கி வந்தார்கள். இப்போதைய தொகையை இந்தப் பருவத்துக்கான அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ரிசல்ட்டில் கிரேடு மட்டும்தான் தெரியும். ஃபெயில் ஆகி யு என்று வந்தால் அது 44-ஆ 20-ஆ என்பதை நகல்தான் சொல்லும்.

நான் படித்த காலத்தில் மூன்று பாடங்களுக்கு நகல் வாங்கினேன். முதல் பக்கத்து மொத்தத்தைப் பார்த்தேன், எந்தப் பாடத்தில் அதிகம் வருத்தமோ அதற்கு மட்டும் பணம் கட்டினேன். அதில் மாற்றம் இல்லை என்று வந்தது. அரியர் எழுதி முடித்து, பழைய தாள்களை ஒழுங்குபடுத்தியபோதுதான் இன்னொரு பாடத்தின் நகலைப் புரட்டிப் பார்த்தேன். கடைசிப் பக்கங்களில் நான் எழுதியிருந்த மூன்று 2 மதிப்பெண் விடைகளில் திருத்தியவரின் பேனா படவே இல்லை. அந்தப் பாடத்தில் பாஸ் ஆக எனக்கு நான்கு மதிப்பெண்தான் போதாமல் இருந்தது. தேதி எப்போதோ முடிந்துவிட்டது. இத்தனை ஆண்டுகள் ஆகியும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

போன ஆண்டு ஒரு மாணவி 41 மதிப்பெண்ணோடு வந்தாள். "கூட்டிப் பார்த்துட்டேன் சார், சரியாத்தான் இருக்கு" என்றாள். கூட்டல் சரிதான்: பகுதி அ-வில் 13, பிறகு 11-வது கேள்விக்கு 7, 12-க்கு 6, 13-க்கு 5, 14-க்கு 6, 15 எழுதவில்லை, 16-க்கு 4. ஆனால் 13-வது கேள்வி இரண்டு பிரிவு கொண்டது. முதல் பிரிவுக்கு 7, இரண்டாவதற்கு 6. முன்பக்கக் கட்டத்தில் முதல் பிரிவுக்கு எதிரே 5 இருந்தது, இரண்டாவதற்கு எதிரே ஒன்றும் இல்லை. "இதை எழுதலையாம்மா?" என்று கேட்டேன். "எழுதினேனே சார், இடம் போதாம பின்னாடி எழுதினேன்" என்றாள். பதினைந்து பக்கம் தள்ளி, 16-வது விடைக்குப் பின்னால் அது இருந்தது. ஒரு டிக் கூட இல்லை. பாட ஆசிரியர் அதற்கு 5 தரலாம் என்று கேள்வி எண்ணோடும் பக்க எண்ணோடும் எழுதிக் கொடுத்தார். அவள் பாஸ் ஆனாள். கூட்டலை மட்டும் சரிபார்த்துவிட்டு விட்டிருந்தால் அந்த விடை அங்கேயே கிடந்திருக்கும்.

மறுகூட்டலுக்கும் ஓர் எல்லை உண்டு. அது தனியாக உள்ள இடங்களில், உள்ளே போட்ட மதிப்பெண் முன்பக்கத்துக்கு வந்திருக்கிறதா, கூட்டல் சரியா என்று பார்ப்பார்கள், திருத்தாமல் விட்ட விடை இருந்தாலும் கண்ணில் படும். "ஐந்துக்குப் பதில் எட்டு தந்திருக்கலாம்" என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை.

அதனால் நகல் வந்த அன்றே வினாத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். முதலில், எழுதிய ஒவ்வொரு விடையிலும் பேனா பட்டிருக்கிறதா பாருங்கள். பிறகு உள்ளே உள்ள எண்ணும் முன்பக்க எண்ணும் ஒத்துப்போகிறதா பாருங்கள். கூட்டல் கடைசி வேலை. விடையின் தரத்தைப் பற்றிய தீர்ப்பை ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள். நம் விடை நமக்கு எப்போதும் நன்றாகத்தான் தெரியும்.

45 வந்தால் போதும் என்ற கணக்கு

2021 விதிமுறையில் எழுத்துப் பாடத்துக்கு இன்டெர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. நூற்றுக்கு எழுதும் தேர்வை 60-க்குச் சுருக்குவார்கள். தேர்வில் 45 சதவீதமும் வேண்டும், இரண்டும் சேர்ந்து 50-ம் வேண்டும். இன்டெர்னல் 30 உள்ள அந்த மாணவிக்கு 45-ஐத் தொட 4 மதிப்பெண் போதும். அவளோடு வந்த பையனுக்குத் தேர்வில் 52, இன்டெர்னல் 14. 52 என்பது 60-க்கு 31.2, மொத்தம் 45.2. அவன் பாஸ் ஆக நூற்றுக்கு 60 வேண்டும், அதாவது இன்னும் 8. திருத்தாமல் விட்ட விடை இல்லாத தாளில் எட்டு கூடும் என்று எந்த ஆசிரியரும் மனசாட்சியோடு கையெழுத்துப் போட முடியாது. அவனைப் பணம் கட்ட வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

கடைசித் தேதி

பல்கலைக்கழகம் சொல்வது கல்லூரிக்கான தேதி. உங்களுக்கான தேதி அதற்கு முன்பே முடிந்துவிடும்.

கூடத்தான் செய்யும் என்று நம்புவது

மறுமதிப்பீட்டில் இன்னொருவர் முதலிலிருந்து திருத்துகிறார். முதலாமவர் தாராளமாகப் போட்டிருந்தால், இரண்டாமவரின் எண் கீழேதான் வரும். அப்படிக் குறைந்தால் என்ன ஆகும் என்பது இடத்துக்கு இடம் வேறு. சில இடங்களில் இரண்டில் அதிகமானதை வைத்துக்கொள்வார்கள், சில இடங்களில் புதிய எண்தான் இறுதி. பள்ளித் தேர்வில் சி.பி.எஸ்.இ. ஒரு மதிப்பெண் குறைந்தாலும் குறைத்தே போடும். உங்கள் விண்ணப்ப அறிவிப்பில் இதைப் பற்றி ஒரு வரி இருக்கும், கையெழுத்துப் போடும் முன் அதைத் தேடிப் படியுங்கள். யு வாங்கியவருக்கு இழக்க எதுவும் இல்லை. ஆனால் கிரேடு உயர்த்தப் போகிறவர், தன் கிரேடின் அடி விளிம்பில் நிற்கிறாரா, மேல் விளிம்பில் நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும். மொத்தம் 80-ல் நிற்பவர் ஏ-யிலிருந்து ஏ பிளஸ்ஸுக்குப் போக முயல்வதில் அர்த்தம் இருக்கிறது. 71-ல் நிற்பவர் கூட்டினாலும் அதே ஏ-தான், ஒன்று குறைந்தால் பி பிளஸ்.

செய்முறைத் தேர்வுக்கும் ப்ராஜெக்டுக்கும் கேட்பது

கிடையாது.

ரிவ்யூ இருக்கிறதே என்று இருப்பது

மறுமதிப்பீட்டில் திருப்தி இல்லாதவர் ரிவ்யூ கேட்கலாம். ஆனால் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தவருக்கு மட்டும்தான் அந்தக் கதவு. நகலை விட்டால் மறுமதிப்பீடு இல்லை, மறுமதிப்பீட்டை விட்டால் ரிவ்யூ இல்லை.

முடிவு வரட்டும் என்று அரியருக்குப் பதியாமல் இருப்பது

மறுமதிப்பீட்டு முடிவு எப்போது வரும் என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. அடுத்த பருவத் தேர்வுக்குப் பதியும் தேதி அதற்காகக் காத்திருக்காது. எங்கள் துறையில் ஒரு இறுதியாண்டு மாணவன் "கண்டிப்பா வந்துடும் சார்" என்று பதியாமல் விட்டான். மாற்றம் இல்லை என்று முடிவு வந்தபோது பதிவு மூடி ஒரு வாரம் ஆகியிருந்தது. வேலைக்கான கடிதம் கையில் இருந்தும் டிகிரி ஆறு மாதம் தள்ளிப்போனது. ஒரு தாளுக்கான தேர்வுக் கட்டணத்தைக் கட்டிப் பதிந்துவிடுங்கள், படிக்கவும் தொடங்குங்கள். நடுவில் பாஸ் என்று வந்தால் நஷ்டம் அந்தக் கட்டணத்தோடு போகட்டும்.