ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச் வேண்டாம்

கழிப்பறையில் ஆசிட் கிளீனர் ஊற்றியும் கறை போகவில்லை என்று அதன்மேலேயே பிளீச் ஊற்றுபவர்கள் உண்டு. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது. குனிந்து தேய்ப்பவர் முகத்தருகிலேயே தேங்கும். கண் எரிந்து தொண்டை கமறினால், கழுவிவிட நிற்காமல் கதவைத் திறந்து போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம்.

வினிகரும் ஆசிட்தான், அதையும் பிளீச்சோடு சேர்க்காதீர்கள். அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனர் சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சுவாயு வரும். சிறுநீரிலும் கொஞ்சம் அம்மோனியா உண்டு, அதனால் முதலில் ஃபிளஷ் செய்துவிட்டுப் பிளீச் ஊற்றுங்கள். ஒரு தடவைக்கு ஒரே கிளீனர் போதும். அப்புறம், காலி ஆசிட் பாட்டிலில் பிளீச்சை ஊற்றி வைக்கவே கூடாது.