ஸ்லைடைப் பார்க்காதவருக்கு ஒரு பக்கம்

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு பார்க்கிறேன். காலாண்டு ஆய்வுக்கு 46 ஸ்லைடு. கூட்டத்துக்கு வராத பங்குதாரர்களுக்கு ஒரே பக்கத்தில் சுருக்கம் போக வேண்டும்.

ஸ்லைடு தலைப்புகளை வரிசையாக எடுத்து எழுதினால் போதாது. 9ஆம் ஸ்லைடில் பச்சை அம்பு: கிலோ விலை 104லிருந்து 112 ரூபாய். 31ஆம் ஸ்லைடில் உற்பத்தி ஒரு லட்சம் கிலோவிலிருந்து 90,000. இரண்டையும் சேர்த்துச் சொன்னது மேனேஜரின் வாய்தான், ஸ்லைடு இல்லை. அதனால் கூட்டத்தில் பேசியதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதியது: “போன வருட ஜனவரி–மார்ச்சை விட விலை கிலோவுக்கு 8 ரூபாய் கூடியும் விற்பனை வருமானம் சுமார் 3 லட்சம் குறைந்தது, பனியில் கொழுந்து கருகி உற்பத்தி 10,000 கிலோ சரிந்தது.”

எதோடு ஒப்பிடுகிறோம் என்பதை விட்டுவிடாதீர்கள். பனிக்காலத்தை முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டால் எந்த வருடமும் சரிவாகத்தான் தெரியும்.

பங்குதாரர் முடிவு சொல்ல வேண்டிய விஷயம் (எங்களுக்கு டிரையர் பழுதுச் செலவு) முதல் வரியிலேயே, தொகையோடு. அப்புறம் ‘மேலே உள்ள படத்தில்’, ‘சிவப்பில் காட்டியபடி’ என்று எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா, தேடி எடுத்துவிடுங்கள்.