ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைக்காதீர்கள்

வயிற்றுப்போக்கில் வெறும் தண்ணீர் குடித்தால் உடம்பில் சரியாகச் சேராது. சிறுகுடலின் சுவரில் ஒரு புரதம் வாசல்போல இருக்கிறது. அதன் பெயர் எஸ்ஜிஎல்டி1. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே இழுக்கும்: 2 சோடியம் அயனிக்கு 1 குளுக்கோஸ். அவை உள்ளே போனதும் தண்ணீரும் பின்னாலேயே போகும். காலரா கிருமியின் நச்சு குடலில் உப்புநீரைச் சுரக்க வைக்கும்போதுகூட இந்த வாசல் மூடுவதில்லை. அதனால்தான் சோடியம் உப்பும் குளுக்கோஸும் கலந்த ஓஆர்எஸ் என்ற எளிய கரைசல் உயிரைக் காக்கிறது.

சரி, தவறு எங்கே நடக்கிறது? அளவில்தான். 20.5 கிராம் பாக்கெட் 1 லிட்டர் தண்ணீருக்கானது. அப்படிக் கரைத்தால் கரைசலின் அடர்த்தி, அதாவது அதில் கரைந்திருக்கும் துகள்களின் அளவு, லிட்டருக்கு 245 மில்லிஆஸ்மோல். ரத்தத்தின் அடர்த்தி சுமார் 290. கரைசல் கொஞ்சம் நீர்த்திருப்பதால் தண்ணீர் குடலிலிருந்து ரத்தத்துக்கு எளிதாகப் போகும். அதே பாக்கெட்டை 200 மில்லி டம்ளரில் கரைத்தால் அடர்த்தி ஐந்து மடங்காகி 1200-ஐத் தாண்டிவிடும். அப்போது தண்ணீர் ரத்தத்திலிருந்து குடலுக்குத் திரும்பும், போக்கு கூடும். குழந்தைக்கு ரத்தத்தில் சோடியமும் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். ருசிக்காகச் சர்க்கரை சேர்த்தாலும் அடர்த்தி ஏறத்தான் செய்யும்.

சிறிய பாக்கெட்டுகளும் உண்டு, எனவே உறையில் போட்டிருக்கும் தண்ணீர் அளவைப் பாருங்கள். சரியாகக் கலந்த கரைசல் கண்ணீரைவிட அதிகம் கரிக்காது. வாந்தி வந்தால் 10 நிமிடம் பொறுத்து, அப்புறம் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். குழந்தை மயங்கிச் சோர்ந்தாலோ, குடிக்கவே முடியாமல் போனாலோ மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.