பிங் போகுது, பில்லிங் போகல: கடலூரில் மூன்று நாள்

கடலூர் சிப்காட்டில் ஒரு ஆலையின் நெட்வொர்க். கிடங்கு சுவிட்சுக்கும் கோர் சுவிட்சுக்கும் நடுவே இரண்டு ஃபைபர் லிங்க். போலி சோர்ஸ் முகவரியைத் தடுக்க, கோரில் அந்த இரண்டு ரூட்டட் போர்ட்டிலும் ஸ்ட்ரிக்ட் மோட் சோதனையைப் போட்டிருந்தேன். சோர்ஸுக்குத் திரும்பும் ரூட் பாக்கெட் வந்த அதே போர்ட்டில் இல்லையென்றால் டிராப்:

```
ip verify unicast source reachable-via rx
```

மறுநாள் ஒரே பிசியில் மெயில் திறக்கிறது, பில்லிங் திறக்கவில்லை. பக்கத்து பிசியில் நேர் எதிர்.

ஃபைபரை மாற்றினேன், ஃபயர்வாலைச் சந்தேகித்தேன். இரண்டு நாள் போச்சு. என்னை ஏமாற்றியது பிங்தான். கிடங்கு சுவிட்சிலிருந்து அடித்தால் எப்போதும் பதில் வரும். அந்த பிங்கின் சோர்ஸ் லிங்க்கின் சொந்த ஐபி. கோருக்கு அது நேரடி ரூட், அதனால் சோதனையில் தேறிவிடும். பயனர் விஎல்ஏஎன் ஐபியை சோர்ஸாகக் கொடுத்ததும் சில சர்வர்களுக்கு மட்டும் விழுந்தது.

பிறகுதான் கோரில் சேருமிடத்தை விட்டுவிட்டு, அனுப்பும் பிசியின் ஐபியைத் தேடினேன்:

```
show ip cef 10.20.8.15
```

ஒரே ஒரு லிங்க்தான் காட்டியது. எப்போதோ யாரோ (நானாகவும் இருக்கலாம்) கோரில் இரண்டாவது போர்ட்டுக்கு `ip ospf cost 20` வைத்திருக்கிறோம். கிடங்குப் பக்கம் இரண்டும் சம காஸ்ட், ஆகவே டிராஃபிக் இரண்டிலும் பிரிந்து வந்தது. இரண்டாவதில் வந்ததெல்லாம் டிராப்.

அந்த காஸ்ட் வரியை நீக்கினேன். சம காஸ்ட் ரூட் இரண்டிருந்தால் எதில் வந்தாலும் ஸ்ட்ரிக்ட் மோட் ஏற்கும். `rx`-ஐ `any` என்று தளர்த்தியிருந்தாலும் ஓடியிருக்கும். ஆனால் கிடங்கு பிசி ஒன்று அக்கவுண்ட்ஸ் ஐபியைப் போட்டு வந்தாலும் உள்ளே விட்டுவிடும்.