விற்பனையே இல்லாத மாதத்தில் 80 ரூபாய் ஜிஎஸ்டி தாமதக் கட்டணம் ஏன் வந்தது?

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் சின்ன ஜவுளிக்கடை, உள்வேலைக்காக ஜூனும் ஜூலையும் பூட்டியே கிடந்தது. விற்பனையும் இல்லை, கொள்முதலும் இல்லை.

ஜூன் மாத ஜிஎஸ்டி ரிட்டனான GSTR-3B-யை ஜூலை 20-க்குள் போட்டிருக்க வேண்டும். 24-ஆம் தேதிதான் நினைவு வந்தது. முதலில் விற்பனை விவர ரிட்டனான GSTR-1-ஐ நில்லாக, அதாவது எதுவும் இல்லை என்று போட்டேன். அது போகாமல் 3B திறக்காது. அப்புறம் 3B-யும் நில்லாகவே போய்விட்டது, பணம் எதுவும் கேட்கவில்லை. சரி, தப்பித்தோம் என்று நிம்மதியாக இருந்தேன்.

ஜூலைக்கான 3B-யில்தான் சிக்கல். நில்லாகத் தாக்கல் செய்யவே முடியவில்லை. 5.1 அட்டவணையைத் திறந்தால் மத்திய வரியில் 40, மாநில வரியில் 40 என்று தாமதக் கட்டணம் நிற்கிறது. நில் ரிட்டனுக்கு ஒரு நாளுக்கு 20 ரூபாய். நான்கு நாள் தாமதம் அடுத்த மாதக் கணக்கில் ஏறியிருக்கிறது. கட்டணம் பாக்கி இருந்தால் அந்த மாதம் நில் ஆகாது.

அதனால் நில் கேள்விக்கு ‘No’ கொடுத்தேன். மற்ற அட்டவணைகளைக் காலியாக விட்டு, சலானில் இரண்டு வரிகளுக்கும் ‘Fee’ கட்டத்தில் 40, 40 போட்டுக் கட்டினேன். பக்கத்திலிருக்கும் ‘Tax’ கட்டத்தில் போட்டால் அந்தப் பணம் கட்டணத்துக்குக் கழியாது, கவனம். பிறகு ஓடிபி போட்டதும் ரிட்டன் ஏறியது.